வளர்ச்சி வளைவு மாதிரி (கல்வி அளவீடு)

வளர்ச்சி வளைவு மாதிரி என்பது ஒரே மாணவர்களைப் பலமுறை அளந்து, ஒவ்வொருவரும் எங்கே தொடங்கினார், எவ்வளவு வேகமாக முன்னேறினார் என்பதைக் கணிக்கும் புள்ளியியல் முறையாகும்.

இதற்கு எல்லாத் தேர்வுகளுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். காலாண்டில் 62, முழு ஆண்டில் 70 என்ற மதிப்பெண்கள் வளர்ச்சியைக் காட்டுவதில்லை. இரண்டாவது வினாத்தாள் எளிதாக இருந்திருக்கலாம். வகுப்புத் தர வரிசையும் உதவாது. எல்லோரும் முன்னேறினாலும் வரிசை அப்படியே இருக்கும். ஒரே கடினத்தன்மையுள்ள பத்திகளில் நிமிடத்திற்குச் சரியாக வாசித்த சொற்களின் எண்ணிக்கை பொருத்தமான அளவு.

எடுத்துக்காட்டாக, ஒரு வகுப்பில் சூன், செப்டம்பர், திசம்பர், ஏப்ரல் மாதங்களில் வாசிப்பை அளந்ததாகக் கொள்வோம். காலத்தை 1, 2, 3, 4 என எழுதாமல் 0, 3, 6, 10 என மாதக் கணக்கில் எழுத வேண்டும். கடைசி இடைவெளி நீளமானது. கவிதா வாசித்தவை 40, 46, 52, 60 சொற்கள். முருகன் வாசித்தவை 20, 29, 38, 50. ஆண்டு இறுதியில் கவிதாவே முன்னிலையில் இருக்கிறாள். ஆனால் அவளது வளர்ச்சி மாதத்திற்கு 2 சொற்கள், முருகனுடையது 3. மதிப்பெண் பட்டியல் இதைச் சொல்லாது.

உண்மையான அளவீடுகள் இப்படி நேர்கோட்டில் அமைவதில்லை. அன்றைய உடல்நிலை, பத்தியின் பொருள் ஆகியவற்றால் எண் கூடும், குறையும். ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் சமன்பாடு இப்படி அமையும்:

```
y = a + b·t + e
```

இதில் a தொடக்க மதிப்பு, b மாத வளர்ச்சி, e தற்செயல் பிழை. a, b இரண்டும் மாணவருக்கு மாணவர் வேறுபடும். R மென்பொருளில் lme4 தொகுப்பைக் கொண்டு இதைக் கணிக்கலாம்:

```
lmer(words ~ month + (month | pupil), data = d)
```

இம்முறையின் பயன் குறைவான தேர்வுகள் உள்ள இடத்தில்தான் தெரியும். வகுப்பின் சராசரி வளர்ச்சி 2 சொற்கள், மாணவர்களின் உண்மையான வளர்ச்சிகளின் திட்ட விலக்கம் 0.7, ஒரு தேர்வின் பிழை 4 சொற்கள் எனக் கொள்வோம். ஒரு சிறுவன் சூனில் 20, செப்டம்பரில் 32 சொற்கள் வாசித்தால் மாத வளர்ச்சி 4 என்று தோன்றும். இரண்டே தேர்வுகள் என்பதால் அந்த 4-இல் உள்ள பிழையே ஏறத்தாழ 1.9. எனவே மாதிரி சராசரியிலிருந்து உள்ள விலகலில் எட்டில் ஒரு பங்கை மட்டும் ஏற்று, 2.2 அளவில் மதிப்பிடும். நான்கு தேர்வுகளிலும் அதே வேகம் தொடர்ந்தால் பிழை 0.54 ஆகக் குறையும். மதிப்பீடு சுமார் 3.3 ஆகும். இரண்டு தேர்வுகளை வைத்து ஒரு பிள்ளையை "வேகமாக முன்னேறுபவன்", "தேங்கியவன்" என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம் என்பதே என் கருத்து.

விடுபட்ட தேர்வுகள் உள்ள மாணவர்களையும் மாதிரி சேர்த்துக்கொள்ளும். ஆனால் வாசிக்கத் திணறும் அதே நாட்களில் பிள்ளைகள் விடுப்பு எடுத்தால் சராசரி வளர்ச்சி உண்மையிலிருந்து விலகித் தெரியலாம். வருகைப் பதிவேட்டை அருகில் வைத்துப் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். நேர்கோடு பொருந்துகிறதா என்பதை ஒவ்வொருவரின் புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்தால் அறியலாம். பெரும்பாலானோரின் புள்ளிகள் நடுவில் கோட்டுக்கு மேலும் இரு முனைகளில் கீழும் விழுந்தால் வளர்ச்சி மெதுவாகி வருகிறது. அப்போது மாதத்தின் இருபடியையும் மாதிரியில் சேர்க்க வேண்டும்.