எபிட்டா காட்டாத செலவு

வட்டி, வரி, தேய்மானம் முதலியவற்றைக் கழிக்கும் முன் உள்ள லாபமே எபிட்டா.

அமெரிக்காவின் வேர்ல்ட்காம், பிற தொலைபேசி நிறுவனங்களின் தடங்களைப் பயன்படுத்தக் கட்டணம் கட்டிவந்தது. அது அன்றாடச் செலவு. ஆனால் 2001 தொடங்கி 2002 முற்பகுதி வரை, அதில் சுமார் 380 கோடி டாலரைச் சொத்து வாங்கியதாகக் கணக்கில் எழுதினார்கள். சொத்தின் விலை தேய்மானமாகத்தான் கழிக்கப்படும். தேய்மானத்தை எபிட்டா பார்ப்பதே இல்லை. அதனால் அத்தனை தொகையும் லாபம்போலத் தெரிந்தது. சிந்தியா கூப்பரின் உள்தணிக்கைக் குழு இதைக் கண்டுபிடித்தது.

மோசடி இல்லாமலும் ஒப்பீடு பிசகும். சொந்தத் தடம் போட்டவரின் பெருஞ்செலவு எபிட்டாவுக்கு வெளியே நிற்கும். கட்டணம் கட்டுபவரின் செலவு உள்ளே கழியும்.

எனவே இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுபவர்கள், எபிட்டாவிலிருந்து ஆண்டு மூலதனச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.