மீதி போலத் தோன்றும் பணம்

கொள்முதல் ஆணை அனுப்புவதற்கும் பில்லுக்குப் பணம் கொடுப்பதற்கும் இடையே சில மாதங்கள் ஓடிவிடலாம். அதுவரை கணக்குப் பேரேட்டில் அந்தச் செலவு தெரியாது.

ஒரு கல்லூரியின் வேதியியல் துறைக்கு ஆய்வகப் பொருள்களுக்கென 10 லட்சம் ரூபாய் ஒதுக்கீடு என்று கொள்வோம். 4 லட்சம் கொடுத்தாயிற்று. 5 லட்சத்துக்கு ஆணை போயிருக்கிறது, சரக்கு வரவில்லை. பேரேட்டின்படி மீதி 6 லட்சம். உண்மையில் 1 லட்சம்தான். பேரேட்டை நம்பி 3 லட்சத்துக்கு இன்னோர் ஆணை போட்டால், 2 லட்சம் மீறியது பில் வரும்போதுதான் தெரியவரும்.

இதைத் தடுக்க, ஆணைக்கு ஒப்புதல் கிடைத்த அன்றே அந்த 5 லட்சத்தை அதே தலைப்பில் தனியே பிடித்துவைக்கிறார்கள். பில் 4,80,000 ரூபாய்க்கு வந்தால் பிடித்ததை முழுவதும் விடுவித்து, பில் தொகையைச் செலவில் எழுதுவார்கள். 20,000 ரூபாய் ஒதுக்கீட்டுக்குத் திரும்பும். பாதிச் சரக்கே வந்திருந்தால் அந்தப் பாதியை மட்டுமே விடுவிக்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் விடுவிப்பதில்தான். ஆணை எண் குறிக்காமல் பில்லுக்குப் பணம் கொடுத்தால் ஒரே செலவு இரண்டு முறை கழியும். ரத்தான ஆணையை மூட மறந்தால் பணம் வீணே முடங்கும். பல மாதங்களாக அசையாத ஆணைகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால் இரண்டும் அகப்படும். தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லி வாங்கிய சரக்கு மட்டும் எந்தப் பட்டியலிலும் சிக்காது.