விற்ற அன்றே எழுதும் செலவு

ரோடார்க் கன்ட்ரோல்ஸ் இந்தியா என்ற நிறுவனம் குழாய் வால்வுகளைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டர்களை வாரண்டியோடு விற்றது. 1991-92 மதிப்பீட்டு ஆண்டுக்கு, விற்பனையில் சுமார் ஒன்றரை சதவீதமான 10,18,800 ரூபாயை வாரண்டிக்கென ஒதுக்கியது. எந்தக் கருவி பழுதாகும் என்று தெரியாது. ஆனால் இத்தனைக்கு இத்தனை பழுதாகும் என்பதைப் பழைய கணக்குகள் சொல்லின.

ஒதுக்கும்போதே அது செலவாகிவிடுகிறது. அதே தொகை கடனாகவும் நிற்கிறது. பிறகு ஒருவருக்கு 4,000 ரூபாய் உதிரிபாகம் மாற்றிக் கொடுத்தால், அதை மீண்டும் செலவாக எழுதக் கூடாது. கையிருப்பில் 4,000 குறையும், கடனிலும் 4,000 குறையும். அந்த ஆண்டு லாபம் அசையாது. இங்கேதான் பலர் தவறி இரண்டு முறை செலவெழுதுகிறார்கள். ஒதுக்கீடு குறையாமல் வளர்ந்துகொண்டே போனால் அதைச் சந்தேகிக்கலாம்.

தேவைப்படாத மிச்சத்தைத் திருப்பி எழுத வேண்டும். ரோடார்க் 5,00,246 ரூபாயைத் திருப்பி, மீதி 5,18,554 ரூபாயை மட்டுமே செலவாகக் கேட்டது. நடக்குமோ நடக்காதோ என்ற பொறுப்பு இது என்று வருமான வரித்துறை மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2009-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஏராளமாக விற்கும் பொருளில் பழுதின் அளவைப் பழைய விவரங்கள் நம்பகமாகக் காட்டினால், பொறுப்பு விற்பனையிலேயே பிறந்துவிடுகிறது என்றது. என் பார்வையில் அதுவே நியாயம். அந்த விவரங்கள் இல்லாமல் குத்துமதிப்பாக ஒதுக்கியவருக்கு இந்தத் தீர்ப்பு உதவாது.