லேப்டாப்பில் புது வைஃபை கார்டு: போட்டால் வேகம் கூடுமா?

வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. போனில் சோதித்தால் 95 காட்டுகிறது. பக்கத்திலேயே இருக்கும் லேப்டாப்போ 40-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. திட்டு விழுவதென்னவோ இணைப்பு தந்தவருக்குத்தான். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதை அடித்துப் பாருங்கள்:

```
netsh wlan show interfaces
```

Radio type என்ற வரியில் 802.11n என்றும், Receive rate என்ற வரியில் 72 என்றும் வந்தால் விஷயம் விளங்கிவிடும். அது வைஃபை 4. ஒற்றை ஆன்டெனாவோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இந்த 72 என்பது ரூட்டரும் கார்டும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்ட வேகம். கையில் கிடைப்பது அதில் பாதிக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான்.

உடனே கடைக்கு ஓட வேண்டாம். Channel வரியில் 1 முதல் 13-க்குள் ஓர் எண் இருந்தால் நீங்கள் 2.4-இல் இருக்கிறீர்கள். கீழே உள்ளதை அடித்தால் கார்டுக்கு என்னென்ன தெரியும் என்று பட்டியல் வரும்:

```
netsh wlan show drivers
```

அதில் 802.11ac இருந்தால், ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாறினாலே போதும். காசு செலவில்லை.

5 கிகாஹெர்ட்ஸே தெரியாத கார்டு என்றால் மாற்றுவது நியாயம். இன்டெல் ஏஎக்ஸ்200 போன்ற வைஃபை 6 கார்டைப் போட்டால், பழைய வைஃபை 5 ரூட்டரோடுகூட 866 வரை பேசும். 100 எம்பிபிஎஸ் முழுதாக வந்து சேரும். ஏற்கெனவே 433 காட்டும் கார்டு வைத்திருப்பவர் வைஃபை 6, 7 என்று போனால்? ரூட்டருக்கு அருகில் அதே 100-தான் வரும். இரு முனையும் புதிதாக இருந்து, இணைப்பும் 500-க்கு மேல் இருந்தால் வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: ஏஎக்ஸ்201 பார்க்க ஏஎக்ஸ்200 போலவே இருக்கும், ஆனால் அதற்கென்று அமைந்த இன்டெல் போர்டில்தான் வேலை செய்யும். பின்மூடியைக் கழற்றி, கார்டு போர்டோடு பற்றவைக்கப்பட்டதா, ஆன்டெனா வயர் ஒன்றா இரண்டா என்றும் பார்த்துவிடுங்கள். வயர் ஒன்றுதான் என்றால் 866 பாதியாகிவிடும்.

அந்தக் கார்டிலேயே புளூடூத்தும் இருக்கிறது. 4.2-இலிருந்து 5-க்குப் போனால் பாட்டு இனிமையாகும் என்று நம்புகிறவர்கள் பலர். ஹெட்போனுக்குப் பாட்டு போகும் வழி அதே பழைய வழிதான், எண் மாறியதால் ஒலி மாறாது. மீட்டிங்கில் மைக்கை இயக்கியதும் சத்தம் பழைய லேண்ட்லைன் மாதிரி மங்குகிறதே, அதைத் தீர்க்க வந்தது 5.2-ஐ ஒட்டி அறிமுகமான எல்ஈ ஆடியோ. ஆனால் பெட்டியில் 5.3 என்று அச்சடித்த ஹெட்போனிலும் அது இல்லாமல் போகலாம். ஹெட்போன், லேப்டாப், அதன் டிரைவர், விண்டோஸ் 11 என நாலும் ஒத்துவந்தால்தான் வேலை செய்யும். ஆகவே கடையில் எண்ணைக் கேட்காமல், எல்ஈ ஆடியோ உண்டா என்றே கேளுங்கள்.