ஊர் பிறக்கும் கணக்கு – 9: யாழ்ப்பாணத்தை ஏற்காத விதி

கற்பனை ஊர்களுக்குப் பெயர் செய்ய மார்க்கோவ் சங்கிலி எப்படி உதவும் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஓர் எழுத்துக்குப் பின் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்த விகிதப்படி அடுத்த எழுத்தைக் குலுக்கி எடுப்பதுதான் வேலை. இந்த வாரம் கதாபாத்திரங்களின் பெயர்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு 'ழ்' வந்து வழிமறித்துவிட்டது.

ஆறு ஊர்களை எடுத்துக்கொள்வோம்: கோப்பாய், மானிப்பாய், உடுவில், கோண்டாவில், கொக்குவில், உடுப்பிட்டி. உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே வைத்துச் சங்கிலி கட்டினால், 'உ'வுக்குப் பின் எப்போதும் 'டு'. 'டு'வுக்குப் பின் பாதி முறை 'வி', பாதி முறை 'ப்'. 'ப்'புக்குப் பின் மூன்றில் இரண்டு முறை 'பா'. இப்படி நடந்தால் 'உடுப்பாய்' என்றோர் ஊர் பிறக்கிறது. வலிகாமத்துப் பேருந்துப் பலகையில் எழுதிவைத்தால் யாரும் ஐயப்படமாட்டார்கள். ஆனால் இந்தச் சங்கிலியில் மொத்தமே ஒன்பது பெயர்கள்தான் பிறக்கும். அவற்றில் புதியவை மூன்று: உடுப்பாய், கோப்பிட்டி, மானிப்பிட்டி. ஒன்பது தடவை குலுக்கினால் சராசரியாக ஏழு தடவை பழைய ஊரே திரும்பி வரும். உயிர்மெய்கள் இருநூற்றுக்கு மேல். நம் கையில் இருப்பதோ ஆறு ஊர். பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள இடமே இல்லை.

வழி உண்டு. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்துவிடலாம். மார்க்கோவ் 1913இல் செய்த கணக்கே இன்னும் எளிய பிரிவினைதான். புஷ்கினின் 'எவ்கேனி ஒனேகின்' காவியத்தில் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரா மெய்யா என்று மட்டும் பார்த்துக் கையாலேயே எண்ணினார். உயிருக்குப் பின் இன்னோர் உயிர் வந்தது 100க்கு 13 முறைதான். மெய்க்குப் பின் உயிர் வந்தது 66 முறை. முன்னால் நிற்கும் எழுத்து பின்னால் வருவதை எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன.

நம் ஆறு ஊரையும் அப்படிப் பிரித்ததும் சங்கிலிக்கு உயிர் வந்தது. மானிப்பாயில் புறப்பட்டு, உடுப்பிட்டி வழியாக உடுவிலில் முடிந்து 'மானிடுவில்' கிடைத்தது. 'மாவில்' கிடைத்தது. கூடவே 'கோப்ப்ப்பாய்' என்பதும் வந்தது. 'ப்'புக்குப் பின் 'ப்' வரலாம் என்று மட்டுமே சங்கிலிக்குத் தெரியும்; ஏற்கெனவே எத்தனை வந்தன என்ற நினைவு அதற்கு இல்லை. 'கோண்ட்டாவில்' வந்ததும் இதே காரணத்தால்தான்.

இங்கேதான் அசை விதி தேவைப்படுகிறது. உயிர் கலவாமல் மூன்று மெய் தொடர்ந்தால் பெயரைத் தள்ளிவிடு என்று எழுதினேன். வடிகட்டி சரியா என்று பார்க்க, செய்த பெயர்களை விட்டுவிட்டு உண்மையான ஊர்களை முதலில் அதற்குள் அனுப்ப வேண்டும். சாவகச்சேரி போனது, பருத்தித்துறை போனது, ஊர்காவற்றுறை போனது. யாழ்ப்பாணம் நின்றுவிட்டது! ழ், ப், ப் என்று மூன்று மெய். குடாநாட்டுக்கே பெயர் தந்த ஊரை என் விதி ஊரே அல்ல என்றது.

தொல்காப்பியர் இதற்கு இடம் வைத்திருக்கிறார். மொழிமரபில், ய, ர, ழ என்ற மூன்று மெய்களுக்குப் பின் க, ச, த, ப ஆகிய வல்லினமும் ங, ஞ, ந, ம ஆகிய மெல்லினமும் இன்னோர் ஒற்றாக வரலாம் என்கிறார். வாய்க்கால், பீர்க்கு, தாழ்ப்பாள் எல்லாம் அந்த வாசலால் வந்தவை. 'ண்' அந்த மூன்றில் இல்லை; ஆகவே 'கோண்ட்டாவில்' தள்ளப்படும், யாழ்ப்பாணம் தேறிவிடும். இரண்டு பெயரிலும் மூன்று மெய்தான். முதலில் நிற்பது எது என்பதே தீர்ப்பு. என் விதியில் அந்த விலக்கைச் சேர்த்ததும் இரண்டும் தத்தம் இடத்துக்குப் போயின.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி இனிமேல்தான். யாழ்ப்பாணத்தவர் பேசும்போது 'யாப்பாணம்' என்பார்கள். சிங்களத்தில் 'யாப்பனய'. இரண்டிலும் 'ழ்' இல்லை. எழுத்தில் விலக்காக நிற்கும் அதே மெய்யைத்தான் வாய் கழற்றிவிடுகிறது. அப்படியானால் கற்பனை நாட்டுக்கு ஊர் செய்பவர் இரண்டு வடிவம் செய்யலாம்: விலக்கோடு ஒரு விதி கல்வெட்டுக்கு, விலக்கில்லாத விதி சந்தைக்கு. அரண்மனை ஓலையில் 'யாழ்ப்பிட்டி' என்றிருக்கும் ஊரைப் படகோட்டி 'யாப்பிட்டி' என்பான். ஒரே ஊருக்கு வயதும் பேச்சும் சேர்ந்துவிடும்.

ஆள்பெயர்கள் அடுத்த வாரம். அங்கே சிக்கல் நடுவில் இல்லை, கடைசி எழுத்தில்: ஊர்ப்பெயரின் ஈறு அப்படியே ஆள்பெயருக்கு ஒத்துவராது. ஆண்பெயருக்கும் பெண்பெயருக்கும் ஈற்றெழுத்துப் பட்டியலைத் தனித்தனியே கட்ட வேண்டும்.