மூளைச் சீழ்: ஊசியிலிருந்து மாத்திரைக்கு எப்போது?

திருவொற்றியூரில் ஒரு வெல்டர்னு வச்சுக்குவோம். வருஷக்கணக்கா காதில் சீழ். இப்போ தலைவலி, காய்ச்சல், ஒரு தடவை வலிப்பு. ஸ்டான்லியில் ஸ்கேன் எடுத்தா, காதுக்கு மேலே மூளையில் 3 செ.மீ. சீழ்க்கட்டி.

மருந்து ரத்தம் வழியாத்தான் போகணும். சீழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரும் மருந்தைச் சுலபமா விடாது. அதனால் கட்டி 2.5 செ.மீ.க்கு மேல் இருந்தா, பொதுவா மண்டையில் துளை போட்டுச் சீழை உறிஞ்சுவாங்க. அழுத்தம் குறையும், கிருமி எதுன்னும் தெரியும். கூடவே செஃப்ட்ரியாக்ஸோன் 2 கிராம் 12 மணிக்கொரு தடவை, மெட்ரோனிடசோல். வழக்கமா 6 - 8 வாரம்.

காய்ச்சல் பத்து நாளில் விட்டுடலாம். உடனே, "மாத்திரை கொடுங்க டாக்டர், வேலைக்குப் போறேன்"னு கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனா பதில் மருந்தைப் பொறுத்தது. மெட்ரோனிடசோல் மாத்திரை கிட்டத்தட்ட முழுசா ரத்தத்தில் சேரும். செஃப்ட்ரியாக்ஸோனுக்கு மாத்திரையே இல்லை. அதே இனத்து செஃபிக்ஸிம் மூளைக்குள் போதிய அளவு எட்டாது. அதனால் கல்ச்சரில் வந்த கிருமிக்கு மூளைக்குள் போகிற மாத்திரை இருக்கா, மறு ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கான்னு ரெண்டையும் பார்ப்பாங்க. கட்டியைச் சுற்றின வெள்ளை வளையம் மாசக்கணக்கில் நிக்கலாம். அதுக்காக மட்டும் ஊசியை நீட்டறதில்லை. தலைவலி திரும்பினா உடனே ஸ்கேன்; கட்டி பெருத்திருந்தா மறுபடி உறிஞ்ச வேண்டி வரும். நடுவில் காதையும் ஆபரேஷன் பண்ணிச் சுத்தம் செய்யணும், சீழ் வந்த வழி அதுதானே.