சம்பளமா, ஊதியமா?

ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் விடுப்பு விதிகள், பணியாளர் கையேடு, விண்ணப்பப் படிவம் மூன்றும் ஒன்றாகத் திருத்தத்துக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஈட்டிய விடுப்பை ஒப்படைத்தால் "ஊதியம்" கிடைக்கும் என்கிறது விதி. கையேடோ "சம்பளம்" என்கிறது. திருத்துபவரின் கை உடனே ஒன்றை மற்றொன்றாக மாற்றப் போகும். அதற்கு முன், இரண்டும் ஒன்றுதானா என்று பிரிவில் கேட்க வேண்டும்.

விதிகளின்படி ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மட்டும். ஒருவருக்கு அவை 18,000, 6,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி 4,000. மாதத்துக்கு 30 நாள் கணக்கில் 15 நாள் விடுப்பை ஒப்படைத்தால், விதிப்படி 12,000 ரூபாய் வரும். கையேட்டை நம்பியவர் மொத்தச் சம்பளத்தில் கணக்குப் போட்டு 14,000 கேட்பார். அவர் மீது தவறில்லை. ஆகவே முதலில் ஒரு சொற்பட்டியல் வேண்டும்: எந்தச் சொல், என்ன பொருள், எந்தச் சொல்லை விலக்குவது. பிரிவின் பொறுப்பாளர் அதை ஒப்புக்கொண்ட பிறகே கோப்பைத் திறக்க வேண்டும்.

மாற்றும்போது தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. "சம்பளம்" என்று தேடினால் "சம்பளத்தை", "சம்பளப் பட்டியல்" இரண்டும் தப்பிவிடும். "சம்பள" என்று தேடினால் எல்லாம் அகப்படும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றக் கூடாது. "அடிப்படைச் சம்பளம்", "மொத்தச் சம்பளம்" என்று வருவன அப்படியே நிற்க வேண்டியவை. ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். "அந்தச் சம்பளம்" என்பது "அந்தச் ஊதியம்" ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. மாற்றி முடித்ததும் "ச் ஊதிய" என்று தேடினால் இத்தகைய சந்திப் பிழைகள் வரிசையாக வந்து நிற்கும். பலர் இந்தத் தேடலைச் செய்வதே இல்லை.

தலைப்புகளை எழுத்தைத் தடிப்பாக்கிக் காட்டினால் போதாது. வேர்டில் `Heading 1`, `Heading 2` பாணிகளையே கொடுக்க வேண்டும். தடித்த எழுத்து மட்டும் உள்ள தலைப்பு `Navigation Pane` பட்டியலில் வராது. விடுபட்டதை அங்கேயே கண்டுபிடிக்கலாம். மூன்று கோப்புக்கும் ஒரே வார்ப்புரு இருந்தால் எழுத்துரு, இடைவெளி பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. தேதிக்கு 01.04.2025 போல ஒரே வடிவம் போதும்.

கடைசியாகக் குறுக்குக் குறிப்புகள். விதிகளில் ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்தால், 4.2 என்பது 4.3 ஆகும். அதே கோப்புக்குள் உள்ள தானியங்கிக் குறிப்புகளைப் புதுப்பித்துவிடலாம். படிவத்தின் அடியில் கையால் தட்டிய "விதி 4.2ஐப் பார்க்க" என்பதை எந்த மென்பொருளும் திருத்தாது. எண்ணோடு தலைப்பையும் எழுதி, "விதி 4.3, விடுப்பு ஒப்படைப்பு" என்று வைத்தால், அடுத்த முறை எண் நகர்ந்தாலும் படிப்பவர் சரியான இடத்துக்குப் போய்ச் சேருவார்.